நட்சத்திரத்துக்குக் கீழே இருக்கும் எண்

மார்ச் மாதக் கடைசி ஞாயிறு. மதுரையில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையின் முதல் மாடி. சுவர் முழுக்க ஏசிகள், ஒவ்வொன்றின் நெற்றியிலும் நட்சத்திர ஸ்டிக்கர். விற்பனையாளர் இரண்டு ஏசிகளைக் காட்டுகிறார். இரண்டும் ஒன்றரை டன், இரண்டும் இன்வெர்ட்டர். ஒன்று மூன்று ஸ்டார், விலை 36,000 ரூபாய். மற்றது ஐந்து ஸ்டார், விலை 44,000.

"எட்டாயிரம்தான் சார் வித்தியாசம். ரெண்டே வருஷத்துல கரண்ட் பில்லுல எடுத்துடலாம்" என்கிறார் அவர். கூட வந்திருக்கும் மச்சான் காதருகே குனிந்து வேறு கதை சொல்கிறார்: "அதெல்லாம் சும்மா மாப்ளே. நம்ம ஓட்டுற ஓட்டத்துக்கு பதினஞ்சு வருஷமானாலும் அந்தக் காசு திரும்பாது."

இது கோடைக்கு முன் எந்தக் கடையிலும் நடக்கக்கூடிய காட்சி. கணக்கைப் பார்ப்பதற்காக இங்கே ஒரு மாதிரிக் குடும்பமாக எடுத்துக்கொள்வோம். விற்பனையாளர் சொல்வது சரியா, மச்சான் சொல்வது சரியா என்று தீர்க்கத் தேவையானவை மூன்று: ஸ்டிக்கரில் இருக்கும் ஓர் எண், அந்த வீட்டு ஏசி ஓடப்போகும் மணி நேரம், வீட்டின் பழைய கரண்ட் பில்கள். பத்து நிமிடம் போதும். ஆனால் மூன்றாவதைக் கடைக்கு எடுத்துப் போகிறவர்கள் அநேகமாக யாருமில்லை. விடையைப் புரட்டிப் போடுவது அதுதான்.

முதலில் ஸ்டிக்கர். மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் 2002இல் உருவானது. சுருக்கமாக பி.இ.இ. என்பார்கள். நட்சத்திரக் குறியீட்டுத் திட்டத்தை அது 2006இல் தொடங்கியது. ஸ்டிக்கரின் மேல்பாதியில் நட்சத்திரங்கள் வளைவாக நிற்கும். வாங்குபவரின் கண் அங்கேயே நின்றுவிடுகிறது. கடையில் நடக்கும் பேச்சும் அதைச் சுற்றியே ஓடுகிறது. பயன்படும் தகவல் எல்லாம் அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கிறது.

ஏசி ஸ்டிக்கரில் பார்க்க வேண்டிய முதல் எண், ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்பது. நம் மாதிரிக் குடும்பம் பார்க்கும் மூன்று ஸ்டார் ஏசியில் 980 என்றும், ஐந்து ஸ்டாரில் 750 என்றும் போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்தத் தரத்து ஏசிகளில் சாதாரணமாகக் காணக்கூடிய எண்கள்தான் இவை. பக்கத்திலேயே ஐ.எஸ்.இ.இ.ஆர். என்று இன்னோர் எண் இருக்கும்: முதலாவதில் 3.9, இரண்டாவதில் 5.1. ஒரு யூனிட் மின்சாரத்தைத் தின்றுவிட்டு அந்த ஏசி எத்தனை யூனிட் அளவு வெப்பத்தை அறையிலிருந்து வெளியே தள்ளுகிறது என்பதன் பருவகாலச் சராசரி அது. எண் கூடினால் நல்லது.

மூன்றாவது, குளிரூட்டும் திறன். இது வாட் கணக்கில் இருக்கும். ஒரு டன் என்பது ஏறக்குறைய 3,517 வாட். அந்தக் கணக்குப்படி ஒன்றரை டன் என்றால் 5,275 வாட் வர வேண்டும். ஆனால் 'ஒன்றரை டன்' என்ற பெயரில் விற்கும் ஏசிகளில் 4,700 வாட் சொச்சம் உள்ளவையும் உண்டு, 5,200ஐத் தாண்டியவையும் உண்டு. திறன் குறைந்த ஏசி ஆண்டுக்குக் குறைந்த யூனிட் காட்டுவதில் ஆச்சரியமில்லை. அது தள்ளும் வெப்பமும் குறைவு. ஆகவே யூனிட்டை ஒப்பிடும்போது இரண்டின் வாட்டும் ஏறக்குறைய ஒன்றா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்றாக இல்லாவிட்டால் ஐ.எஸ்.இ.இ.ஆர். எண்ணை வைத்து ஒப்பிடுவதே நியாயம்.

நான்காவதாக ஸ்டிக்கரில் ஒரு காலக்கெடு அச்சிட்டிருக்கும்: இந்தக் குறியீடு எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று. நட்சத்திரத்துக்கான தகுதியை பி.இ.இ. அவ்வப்போது உயர்த்துகிறது. ஸ்ப்ளிட் ஏசிக்கு 2018 அட்டவணைப்படி 4.5 எடுத்தாலே ஐந்து நட்சத்திரம். 2022 ஜூலையில் அந்த வாசலை 5.0க்கு ஏற்றினார்கள். 4.6 எடுத்த ஏசி ஜூன் மாதம் ஐந்து ஸ்டார், ஜூலையில் நான்கு ஸ்டார். ஏசிக்குள் ஒரு திருகு கூட மாறவில்லை. போன வருஷத்துச் சரக்கைத் தள்ளுபடியில் விற்கும் கடையில் பழைய ஐந்து ஸ்டாரும் புதிய நான்கு ஸ்டாரும் அருகருகே தொங்க முடியும், இரண்டும் ஒரே மின்சாரத்தைத் தின்ன முடியும். விண்டோ ஏசிக்குத் தகுதி மதிப்பெண் இன்னும் கீழே. அதனால் ஐந்து ஸ்டார் விண்டோவும் ஐந்து ஸ்டார் ஸ்ப்ளிட்டும் சமம் என்று எண்ணிவிடக் கூடாது. நட்சத்திரம் என்பது அந்தந்த வகுப்புக்குள் போட்ட ரேங்க். மார்க் என்ன என்பதைக் கீழே உள்ள எண்தான் சொல்லும்.

இனி அந்த 980ஐயும் 750ஐயும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

ஸ்டிக்கரில் உள்ள ஆண்டு யூனிட், ஏசி வருடத்துக்கு 1,600 மணி நேரம் ஓடும் என்ற கணக்கில் போட்டது. வெளி வெப்பநிலை 24 டிகிரியிலிருந்து 43 டிகிரி வரை எந்தெந்த டிகிரியில் எத்தனை மணி நேரம் என்று, இந்திய நகரங்களின் வானிலைப் பதிவுகளை வைத்து அந்த 1,600ஐப் பிரித்திருக்கிறார்கள். ஆக அது ஒரு சராசரி இந்தியக் கோடை. மதுரையின் கோடையும் அல்ல, ஊட்டியின் கோடையும் அல்ல. இருந்தாலும் இரண்டு ஏசிகளையும் அதே அளவுகோலால் அளந்திருப்பதால் ஒப்பீட்டுக்கு அது உதவும்.

ஆண்டு யூனிட்டை 1,600ஆல் வகுத்தால் ஒரு மணி நேரச் செலவு கிடைக்கும். மூன்று ஸ்டாருக்கு 0.61 யூனிட், ஐந்து ஸ்டாருக்கு 0.47. நம் குடும்பம் இரவில் மட்டும் எட்டு மணி நேரம் ஏசி போடும் குடும்பம். அப்படியானால் ஓர் இரவுக்கு முன்னது 4.9 யூனிட், பின்னது 3.75 யூனிட். வித்தியாசம் 1.15. ஏப்ரல், மே, ஜூன், ஜூலையில் 120 இரவுகள், ஆகஸ்ட், செப்டம்பர் புழுக்கத்தில் இன்னொரு 30 இரவுகள் என்று வைத்தால் மொத்தம் 150 இரவு, அதாவது 1,200 மணி நேரம். ஆண்டு வித்தியாசம் ஏறக்குறைய 172 யூனிட்.

இந்த இடத்தில்தான் கணக்கு தடம் மாறுகிறது. 172 யூனிட்டை எந்த விலையால் பெருக்குவது?

மச்சான் செய்ததைப் பார்ப்போம். ஏசி இல்லாத இந்த வீட்டின் பில் இரண்டு மாதத்துக்கு 420 யூனிட், சுமார் 1,300 ரூபாய். வகுத்தால் யூனிட்டுக்கு மூன்று ரூபாய் சொச்சம். 172ஐ அதால் பெருக்கினால் வருடத்துக்கு 530 ரூபாய் போல வருகிறது. எட்டாயிரம் திரும்ப பதினைந்து வருஷம். அவர் பொய் சொல்லவில்லை, பெருக்கலிலும் பிழையில்லை. பிழை அந்த மூன்று ரூபாயில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரம் படிப்படியாக விலை ஏறும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலை மாற்றத்துக்குப் பிறகு இருந்த விகிதத்தைச் சற்றே முழுமையாக்கிச் சொன்னால், 400 வரை யூனிட்டுக்கு நாலே முக்கால் ரூபாய், 401இலிருந்து 500 வரை ஆறரை, 501இலிருந்து 600 வரை எட்டரை, 601இலிருந்து 800 வரை ஒன்பதரை, 1,000 வரை பத்தரை, அதற்கு மேல் இன்னும் அதிகம். இதில் இன்னொரு வாசலும் உண்டு. மொத்தம் 500க்குள் நின்றால் 101இலிருந்து 200 வரையிலான யூனிட்டுகளுக்குப் பாதி விலைதான். 501ஆவது யூனிட் ஓடிய கணமே அந்தச் சலுகை பறிபோய், பில்லில் 235 ரூபாய் போலக் கூடுகிறது. விகிதங்கள் மாறக்கூடியவை, அவரவர் கணக்குக்கு அவரவர் கடைசி பில்லில் உள்ளதை எடுத்துக்கொள்ள வேண்டும். படிக்கட்டு என்ற அமைப்பைத்தான் இங்கே கவனிக்க வேண்டும்.

புதிதாக வரும் ஏசி இந்தப் படிக்கட்டின் அடியிலிருந்து ஏறுவதில்லை. இலவச நூறும் மலிவான முன்னூறும் ஃபேன், ஃப்ரிட்ஜ், மிக்ஸி, மோட்டார், டிவிக்கே தீர்ந்துவிட்டன. ஏசியின் முதல் யூனிட் 421ஆவது படியில் கால் வைக்கிறது. அதற்கான விலை வீட்டின் சராசரி விலை அல்ல, மேல்படிகளின் விலை.

ஏப்ரல்-மே பில்லை எடுப்போம். அறுபது இரவுகளில் ஐந்து ஸ்டார் ஏசி 225 யூனிட் எடுக்கும். வீட்டின் 420உடன் சேர்த்தால் 645. இந்தக் கூடுதல் யூனிட்டுகளில் 80 ஆறரை ரூபாய் வீதம், 100 எட்டரை வீதம், 45 ஒன்பதரை வீதம். பறிபோன சலுகையையும் சேர்த்தால் ஏசியால் ஏறும் தொகை ஏறக்குறைய 2,035 ரூபாய். மூன்று ஸ்டார் என்றால் 294 யூனிட், மொத்தம் 714. கூடுதலான 69 யூனிட்டும் ஒன்பதரை ரூபாய்ப் படியில் விழுவதால் இன்னும் 655 ரூபாய் சேர்ந்து 2,690. ஜூன்-ஜூலையிலும் இதே கதை.

அடுத்து வரும் ஆகஸ்ட்-செப்டம்பர் பில்தான் சுவாரசியமானது. அப்போது வெக்கை கொஞ்சம் தணிந்து வீட்டின் மற்ற செலவு 380 யூனிட்டாக இறங்கியிருக்கிறது. முப்பது இரவுக்கு ஐந்து ஸ்டார் 112 யூனிட் எடுக்கிறது. மொத்தம் 492, ஐந்நூறுக்குள் நின்றுவிட்டது. ஏசியின் பங்கு சுமார் 700 ரூபாய். மூன்று ஸ்டார் 147 எடுக்க, மொத்தம் 527. ஐந்நூறைத் தாண்டிவிட்டது. தாண்டிய யூனிட்டுக்கு எட்டரை ரூபாய், கூடவே சலுகையும் போயிற்று. ஏசியின் பங்கு 1,210 ரூபாய். வித்தியாசம் வெறும் 35 யூனிட், தொகையில் 510 ரூபாய். ஒரு யூனிட்டுக்குப் பதினான்கு ரூபாய்க்கு மேல்!

மூன்று பில்லையும் கூட்டினால் ஐந்து ஸ்டார் ஏசிக்கு ஆண்டுச் செலவு சுமார் 4,800 ரூபாய், மூன்று ஸ்டாருக்கு 6,600. வித்தியாசம் ஏறத்தாழ 1,800. எட்டாயிரம் திரும்ப நாலரை வருஷம். விற்பனையாளர் சொன்ன இரண்டும் இல்லை, மச்சான் சொன்ன பதினைந்தும் இல்லை. பத்து வருஷம் ஏசியை வைத்துக்கொள்ளும் வீடு என்றால் அந்த எட்டாயிரத்தைக் கொடுப்பது புத்திசாலித்தனம்தான்.

ஆனால் அதே இரண்டு ஏசிகள், அடுத்த தெருவில் வேறு விடை தரும். இரண்டு பேர் மட்டும் இருக்கும் சின்ன வீடு, ஏசி இல்லாமல் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். கோடையில் ஐந்து ஸ்டாரோடு 425, மூன்று ஸ்டாரோடு 494. இரண்டுமே ஐந்நூறுக்குள். வித்தியாசம் ஆறரை ரூபாய்ப் படியில் விழுகிறது. ஆகஸ்ட்-செப்டம்பரையும் சேர்த்து ஆண்டு மிச்சம் ஆயிரத்துச் சொச்சம். எட்டாயிரம் திரும்ப ஏழரை வருஷம். விருந்தாளி வந்தால் மட்டும் போடும் ஏசி, வருடத்துக்கு 120 மணி நேரம்தான் ஓடும் என்றால் வித்தியாசம் 17 யூனிட். மிக உயர்ந்த படியிலேயே விழுந்தாலும் இருநூறு ரூபாயைத் தாண்டாது. அந்த அறைக்கு ஐந்து ஸ்டார் வாங்கச் சொல்வது நல்ல ஆலோசனை ஆகாது. மாறாக, பாட்டி பகலிலும் படுத்திருக்கும் அறை, வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மகள் என்றால் மணி நேரம் 2,500ஐத் தொடும். எட்டாயிரம் இரண்டரை வருஷத்துக்குள் கூட வந்துவிடலாம். விற்பனையாளரின் வாக்கு அந்த வீட்டில்தான் பலிக்கும்.

ஃப்ரிட்ஜுக்கு வந்தால் கணக்கு எளிது. அது இருபத்து நான்கு மணி நேரமும், வருடம் முழுக்கவும் சொருகியே இருக்கும். ஸ்டிக்கரில் உள்ள ஆண்டு யூனிட்டை மணி நேரத்தால் திருத்த வேண்டியதில்லை. ஆறால் வகுத்தால் ஒரு பில்லுக்கான பங்கு வந்துவிடும். ஆனால் நட்சத்திரம் ஏமாற்றக்கூடிய இடமும் இதுதான். ஃப்ரிட்ஜுக்கு நட்சத்திரம் கொடுக்கும்போது அதன் கொள்ளளவையும் வகையையும் பொறுத்தே அளவுகோல் வைக்கிறார்கள். பெரிய ஃப்ரிட்ஜுக்கு அதிக யூனிட் அனுமதி. அதனால் ஒற்றைக் கதவு உள்ள இரண்டு ஸ்டார் ஃப்ரிட்ஜை விட, இரட்டைக் கதவு உள்ள மூன்று ஸ்டார் பெரிய ஃப்ரிட்ஜ் கூடுதல் மின்சாரம் எடுப்பது சகஜம். 'ஸ்டார் கூட, அதனால் கரண்டு மிச்சம்' என்று நம்பி பெரியதை வாங்கிய வீட்டில் பில் ஏறும். எத்தனை லிட்டர் வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்து, அதே அளவுக்குள் ஆண்டு யூனிட்டை மட்டும் ஒப்பிடுவதே வழி.

படிக்கட்டுக் கணக்கு இங்கும் பொருந்தும். இரண்டு ஃப்ரிட்ஜுக்கு இடையே ஆண்டுக்கு 60 யூனிட் வித்தியாசம் என்றால் ஒரு பில்லுக்குப் பத்து யூனிட். 420 யூனிட் வீட்டில் அது ஆறரை ரூபாய்ப் படி. வருடத்துக்கு 390 ரூபாய் மிச்சம். மொத்தமே நூறு யூனிட்டுக்குள் வாழும் வீட்டில் மிச்சம் பூஜ்யம். அந்த வீட்டுக்கு விலை குறைந்த ஃப்ரிட்ஜே லாபம் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஸ்டிக்கரின் எண்ணும் வீட்டின் மீட்டரும் பொருந்தாமல் போவதற்குக் காரணங்கள் உண்டு. ஏசியின் திறனைச் சோதிக்கும்போது உள்ளே 27 டிகிரி, வெளியே 35 டிகிரி வைத்து அளக்கிறார்கள். வீட்டில் 18இல் வைத்துப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டால் அந்தப் பொருத்தம் அப்போதே முறிந்தது. ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் சுமார் ஆறு சதவீத மின்சாரம் மிச்சம் என்பது பி.இ.இ. சொல்லும் கணக்கு. 2020 முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்று விதித்ததும் அதனால்தான். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறை, மேற்கு வெயில் விழும் சுவர், தூசி அடைத்த ஃபில்டர், காற்றோட்டம் இல்லாத மூலையில் மாட்டிய அவுட்டோர் யூனிட் எல்லாமே எண்ணை ஏற்றும். இவை மூன்று ஸ்டாரையும் ஐந்து ஸ்டாரையும் சேர்த்தே பாதிப்பதால், கடையில் போட்ட ஒப்பீடு பெரும்பாலும் கலையாது. தொகைதான் இரண்டு பக்கமும் கூடும்.

கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டியது இவ்வளவே. கடைசி ஆறு பில்களில் எத்தனை யூனிட் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு வருஷம் அடங்கிவிடும். கடையில் ஸ்டிக்கரின் ஆண்டு யூனிட்டை 1,600ஆல் வகுத்து, தன் வீட்டு மணி நேரத்தால் பெருக்கி, அதை எந்த பில்லில் எந்தப் படியில் வைப்பது என்று பார்க்க வேண்டும். ஸ்டிக்கரின் மேல் சந்தேகம் வந்தால் பி.இ.இ.யின் கைப்பேசிச் செயலியில் மாடல் எண்ணைப் போட்டுத் தேடினால் பதிவான விவரம் வரும்.

ஏசியை மாட்டிய பிறகு கணக்கைச் சரிபார்க்கவும் வழி இருக்கிறது. ஏசி போடாத ஓர் இரவு, படுக்கப் போகும்போது மீட்டர் ரீடிங்கையும் காலையில் எழுந்ததும் ரீடிங்கையும் குறித்துக்கொண்டால் ஃப்ரிட்ஜும் ஃபேனும் எடுப்பது எவ்வளவு என்று தெரியும். மறுநாள் ஏசி போட்டு அதே நேரத்துக்குக் குறித்தால், கூடுதலாக வருவது ஏசியின் பங்கு. ஓர் இரவில் முடிவு கட்டாமல் நாலைந்து இரவு பார்ப்பது நல்லது. 3.75 எதிர்பார்த்த இடத்தில் நாலரை வந்தால் மே மாதத்தில் அது இயல்பு. தினமும் ஆறு, ஏழு வந்தால் ரிமோட்டில் எத்தனை டிகிரி, கதவு ஜன்னலில் இடைவெளி உண்டா, ஃபில்டர் சுத்தமா, அறைக்கு அந்த டன் போதுமா என்று வரிசையாகப் பார்த்துவிட்டு, எதிலும் குறையில்லை என்றால் கேஸ் அளவைச் சோதிக்க ஏசி மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். இதற்கெல்லாம் ஸ்டிக்கரில் இருந்த எண் வேண்டும். மாட்டிய மறுநாளே பிள்ளைகள் அதை உரித்துவிடுவார்கள். அதற்குள் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, வாரண்டி கார்டின் படத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.